காசிமேட்டுச் சார்ஜருக்கு எந்த சீனர்?

போன மே மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு ஃபைபர் படகுக்காரர் தண்டையார்பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். ஜிபிஎஸ், வயர்லெஸ், விளக்கு எல்லாம் ஓடும் 12 வோல்ட் பேட்டரிக்கு நான்தான் சார்ஜர் செய்து கொடுத்திருந்தேன். "தம்பி, பேட்டரி தண்ணி குடிக்குது. வாரத்துக்கு ஒருக்கா டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறேன், பக்கத்துல போனா வாடை வருது" என்றார். பேட்டரி கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதே மாதத்தில் அதே கதையை வேறு இரண்டு பேரும் சொன்னார்கள். மூன்று பேட்டரி ஒன்றாகக் கெடாது. சார்ஜரைத்தான் பார்க்க வேண்டும்.

என் பட்டறை மேசையில் சார்ஜர் ஒழுங்காக 13.8 வோல்ட் காட்டியது. பேட்டரி நிரம்பிய பிறகு தாங்கிப் பிடிக்கும் மிதவை மின்னழுத்தம் அது, சரியான அளவு. அப்புறம் ஹேர் டிரையரை எடுத்துப் பெட்டிக்குள் காட்டினேன். தெர்மாமீட்டர் 30-லிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது மீட்டர் 13.8-லிருந்து 14.4-க்கு ஏறிப் போனது. தகரக் கொட்டகையில், தகரப் பெட்டிக்குள், மே மாத நண்பகலில் 65 டிகிரி ஒன்றும் அதிசயம் இல்லை. 14.4 வோல்ட்டில் சில மணி நேரம் கிடந்தால் ஈய அமிலப் பேட்டரி குமிழி விட ஆரம்பித்துவிடும். சூடான பேட்டரி என்றால் அதற்கும் முன்பே. தண்ணீர் போன வழி இதுதான்.

சர்க்யூட் பழைய காலத்து எளிய சர்க்யூட். ட்ரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், கெபாசிட்டர் வழியாகச் சுமார் 20 வோல்ட் டிசி வருகிறது. ஒரு 820 ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 மில்லிஆம்பியர் அளவில், மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் 16 வோல்ட் சீனர் டயோடுக்குப் போகிறது. அந்த சீனர் மின்னழுத்தம் TIP122 டார்லிங்டன் ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கு. ட்ரான்சிஸ்டரில் 1.2 வோல்ட் போகும், பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பி வராமல் தடுக்கும் டயோடில் 0.65 போகும். கழித்தால் பேட்டரிக்கு 13.8 கிடைக்க பேஸில் 15.65 வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சீட்டு 16 வோல்ட் சீனர் வாங்கி, ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்து 15.6 காட்டியவற்றைப் பொறுக்கிப் போட்டிருந்தேன். பொறுக்கிப் போட்டதே பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சூட்டில் அது எங்கே நகரும் என்று பார்க்கவே இல்லை.

சீனர் என்று நாம் கடையில் கேட்டு வாங்குவதில் இரண்டு வேறு ஜாதி இருக்கிறது. இரண்டும் தலைகீழ் மின்னழுத்தத்தில் முறிந்து மின்சாரத்தை விடும், ஆனால் முறியும் விதம் வேறு. சூட்டுக்கு ஒன்று இறங்கும், இன்னொன்று ஏறும். சார்ஜருக்கு எதைப் போடுவது என்ற கேள்வி கடைசியில் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் வந்து நிற்கிறது.

முதல் ஜாதி உண்மையான சீனர். பி, என் இரண்டு பக்கமும் மாசு நிறையக் கலந்திருப்பதால் நடுவில் உள்ள இயக்கமில்லாப் பகுதி ரொம்ப மெல்லியதாக இருக்கும், சில பத்து நானோமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய இடத்தில் 3 அல்லது 4 வோல்ட் விழுந்தாலே மின்புலம் சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட் அளவுக்குப் போய்விடும். அந்தப் புலத்தில் பிணைப்பில் கிடக்கும் எலக்ட்ரான், தடுப்பைத் தாண்டிக் குதிக்காமல் தடுப்பின் ஊடாகவே அந்தப் பக்கம் போய்விடும். குவாண்டம் விதி அதற்கு இடம் கொடுக்கிறது. தடுப்பின் உயரம் என்பது சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, அறை வெப்பத்தில் 1.12 எலக்ட்ரான்வோல்ட். சூடு ஏறினால் அது கொஞ்சம் சுருங்கும். 35 டிகிரிக்கு ஒரு சதவீதம் கூட இல்லை, ஆனாலும் ஊடுருவல் அந்தச் சிறு மாற்றத்துக்கே நன்றாக அசையும். தடுப்பு தணிந்தால் அதே மின்சாரத்துக்குக் குறைந்த மின்னழுத்தமே போதும். ஆகவே சூட்டில் சீனர் மின்னழுத்தம் இறங்குகிறது.

இரண்டாவது ஜாதியில் மாசு குறைவு, இயக்கமில்லாப் பகுதி அகலம். ஊடுருவிப் போக முடியாத தூரம். இங்கே நடப்பதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து கேரம் பலகையே போதும். ஸ்ட்ரைக்கர் ஓடிப் போய் ஒரு காயை அடிக்கிறது, அடித்த வேகம் போதுமென்றால் அந்தக் காய் கிளம்புகிறது. இப்போது இரண்டும் ஓடுகின்றன, இரண்டும் இன்னும் இரண்டை அடிக்கின்றன, இப்படியே பெருகும். புலத்தில் வேகம் எடுத்த எலக்ட்ரான் ஓர் அணுவை மோதி இன்னோர் எலக்ட்ரானைப் பெயர்த்துவிடுவது இதே கதைதான். பாடப்புத்தகம் இதைச் சரிவு முறிவு என்கிறது. இனி சூட்டை நினையுங்கள். பவுடர் போடாத, மழைக்கால ஈரத்தில் பிசுபிசுக்கும் பலகையில் ஸ்ட்ரைக்கர் வழியெல்லாம் உராய்ந்து வேகத்தை இழக்கும், அதே காயைக் கிளப்ப விரலில் கூடுதல் பலம் வேண்டும். சூடான சிலிக்கானில் அணுக்கள் அதிகம் அதிர்வதால் எலக்ட்ரான் அடிக்கடி இடித்துக்கொண்டு வேகத்தைத் தொலைக்கிறது. பெயர்க்கும் வேகம் வர வேண்டுமானால் புலம் கூட வேண்டும், அதாவது மின்னழுத்தம் கூட வேண்டும். ஆகவே சூட்டில் இது ஏறும்.

சிலிக்கானில் சுமார் 5 வோல்ட்டுக்குக் கீழே முதல் ஜாதி, 6, 7 வோல்ட்டுக்கு மேலே இரண்டாவது ஜாதி. நடுவில் இரண்டும் கலந்து நடக்கும், அங்கே ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழிக்கும். பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. க்ளாரன்ஸ் சீனர் 1934-ல் எழுதியது மின்கடத்தாப் பொருள்களில் ஊடுருவல் முறிவைப் பற்றி. சிலிக்கான் சந்திப்பில் நடப்பது சரிவு என்பதை 1954-ல் கென்னத் மெக்கே விளக்கினார். அதற்குள் சீனர் என்ற பெயர் ஒட்டிவிட்டது. என் 16 வோல்ட் சீனர் உண்மையில் சீனரே கிடையாது.

எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும்? BZX79 என்ற பரவலான சீனர் வரிசையின் தரவுத் தாளில் 5 மில்லிஆம்பியருக்குக் கொடுத்திருக்கும் வழக்கமான மதிப்புகள் இவை. 3.3 வோல்ட்டுக்கு டிகிரிக்கு −2.4 மில்லிவோல்ட். 5.1-க்கு −0.8. 5.6-க்கு +1.2. 6.2-க்கு +2.3. 16 வோல்ட்டுக்கு +12-க்குக் கொஞ்சம் மேலே.

என் சார்ஜர் கணக்கு இப்போது தானாக விழுகிறது. சீனர் டிகிரிக்கு 12.4 மில்லிவோல்ட் ஏறுகிறது. அது மட்டுமல்ல, ட்ரான்சிஸ்டரின் இரண்டு சந்திப்பு, தடுப்பு டயோடு ஒன்று, மூன்றும் சூட்டில் தலா 2 மில்லிவோல்ட் குறைகின்றன. கழிக்கும் தொகை குறைந்தால் மிச்சம் கூடும்.

```
16V சீனர்           : +12.4 mV/°C
மூன்று சந்திப்பு     :  +6.0 mV/°C
மொத்தம்            : +18.4 mV/°C
35 °C ஏற்றத்துக்கு   : +0.64 V  ->  13.80 + 0.64 = 14.44 V
```

ஹேர் டிரையரில் பார்த்த 14.4 இதுவே. இன்னொரு பக்கம் பாருங்கள். ஈய அமிலப் பேட்டரி சூடாக இருந்தால் மிதவை மின்னழுத்தத்தைக் குறைக்கச் சொல்லும், ஒரு செல்லுக்கு டிகிரிக்கு 3, 4 மில்லிவோல்ட், ஆறு செல்லுக்கு 20 என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரி 20 இறக்கச் சொல்கிறது, என் பெட்டி 18 ஏற்றிக் கொடுக்கிறது. இதைவிடத் தப்பாகச் செய்யத் திட்டம் போட்டாலும் முடியாது.

சரி, என்ன மாற்று? ஏற்கெனவே செய்து கொடுத்த போர்டுகளில் அந்த ஒரு சீனர் இருக்கும் இடத்தில் வேறு எதையாவது உட்கார வைக்க வேண்டும்.

இறங்கும் ஜாதியை வைத்து ஏணி கட்டலாம் என்பது முதல் யோசனை. 3.3 வோல்ட் நான்கு, 2.4 ஒன்று, தொடராகப் போட்டால் தாளின்படி சரியாக 15.6. சூட்டில் டிகிரிக்கு 11 மில்லிவோல்ட் இறங்கும், சந்திப்புகளின் 6 போக நிகரம் −5. திசை பேட்டரி கேட்கும் திசையே. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஜாதிக்கு ஒரு பெரிய குறை, முறிவு தொடங்கும் இடத்தில் இருக்கும் முழங்கால் வளைவு கூர்மையாக இருக்காது. 3.3 என்று எழுதிய டயோடு 5 மில்லிஆம்பியரில்தான் 3.3. மின்சாரத்தை 1 மில்லிஆம்பியராகக் குறைத்தால் 2.6 அளவுக்கு வந்துவிடும். ஒவ்வொன்றும் 85 ஓம் ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும், ஐந்தும் சேர்ந்து 400 ஓமுக்கு மேல். காசிமேட்டில் கரண்ட் 210-க்கும் 250-க்கும் நடுவில் ஆடும், அப்போது டிசி 18-லிருந்து 22 வரை போகும், 820 ஓம் வழியாக வரும் மின்சாரம் கிட்டத்தட்ட 5 மில்லிஆம்பியர் ஆடும். 400 ஓமில் அது ஒன்றரை, இரண்டு வோல்ட். வெயிலிடமிருந்து தப்பித்து ஈபி கரண்டிடம் மாட்டுவது. இந்த ஏணியை மேசையில் கட்டிப் பார்த்து அன்றைக்கே பிரித்துவிட்டேன்.

நடு எல்லையில் இருக்கும் 5.1-ஐயும் 5.6-ஐயும் கலப்பது இரண்டாவது. 5.1 இரண்டு, 5.6 ஒன்று, கூட்டினால் 15.8. சூட்டுக் கணக்கு −0.8, −0.8, +1.2, ஏறக்குறைய பூஜ்யம். காகிதத்தில் இதைவிட அழகு இல்லை, பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள். நான் நிற்காததற்கு இரண்டு காரணம். சீனர் பூஜ்யமாக நின்றாலும் மூன்று சந்திப்புகளின் +6 அப்படியே மிஞ்சும், 35 டிகிரிக்கு 0.2 வோல்ட் ஏறும். மற்றொன்று, இந்த எல்லையில் இரண்டு முறிவும் இழுபறி போடுவதால் எது ஜெயிக்கும் என்பது டயோடுக்கு டயோடு மாறும். அதே தாளில் 5.1-க்கு −2.7 முதல் +1.2 வரை என்று போட்டிருக்கிறது. மின்சாரத்தைக் கூட்டினால் கணக்கு ஏறும் பக்கம் சாயும், குறைத்தால் இறங்கும் பக்கம். பூஜ்யம் என்பது ஒரு குறிப்பிட்ட மின்சாரத்தில் மட்டும் பூஜ்யம். 5.1-ன் வளைவும் மெத்தைதான், சுமார் 40 ஓம்.

நான் கடைசியில் எடுத்தது 6.2. இங்கே சரிவு ஜெயித்துவிட்டது, முழங்கால் கூர்மை, 6 ஓம்தான். 1 மில்லிஆம்பியரில் வைத்தாலும் 6.1 காட்டும். சூட்டில் ஏறும், ஆனால் கொஞ்சமாக ஏறும், ஏறும் திசையில் சந்தேகம் இல்லை. கொஞ்சமாக ஏறுவதை அழிக்க நேர்திசையில் சாதாரண டயோடு இருக்கிறதே, அது டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1N821 தொடங்கி 1N829 வரை ஒரு வரிசை உண்டு, 7.5 மில்லிஆம்பியரில் 6.2 வோல்ட். உள்ளே ஒரு முறிவுச் சந்திப்பும் அதற்குத் தொடராக ஒரு நேர்திசைச் சந்திப்பும்தான், ஏற்றத்தை இறக்கம் சாப்பிட்டுவிடும். 1N829-ல் மிச்சம் டிகிரிக்கு பத்து லட்சத்தில் 5 பங்கு. அந்த விலைக்கு நமக்கு வேலை இல்லை, தத்துவம் போதும்.

6.2 சீனர் இரண்டு, 12.4. அதோடு 1N4148 ஐந்து நேர்திசையில், 5 மில்லிஆம்பியரில் ஒன்றுக்கு 0.66 என்றால் 3.3. ஆக 15.7, பேட்டரிக்கு 13.85. இப்போது சூடு.

```
இரண்டு 6.2V சீனர்    :  +4.6 mV/°C
ஐந்து 1N4148        : -10.0 mV/°C
மூன்று சந்திப்பு     :  +6.0 mV/°C
மொத்தம்            :  +0.6 mV/°C
```

35 டிகிரிக்கு 20 மில்லிவோல்ட். முதல் போர்டில் ஹேர் டிரையர் வைத்துப் பார்த்தபோது மீட்டர் 13.84-லிருந்து 13.88-க்குப் போய் அங்கேயே நின்றது. எல்லாப் போர்டும் இப்படி வராது. 6.2-க்கே தாள் +0.4 முதல் +3.7 வரை இடம் விடுகிறது, மோசமான ஜோடி அமைந்தால் 0.1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே நகரலாம். 0.64-க்குப் பக்கத்தில் அது பரவாயில்லை. ஒரு கண்டிஷன், ஏழு டயோடும் ட்ரான்சிஸ்டரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஹீட்சிங்கைப் பெட்டிக்கு வெளியே மாட்டி டயோடுகளை உள்ளே வைத்தால் கணக்கு கலையும்.

ஈபி ஆட்டத்தில் இதுவும் 16 வோல்ட் ஒற்றை சீனர் அளவுக்கு நல்லது இல்லை. ஒற்றை சீனர் 10 ஓம் போல, இந்தச் சரம் 57 ஓம் போல, ஏனென்றால் நேர்திசை டயோடு ஒவ்வொன்றும் 9 ஓம் சேர்க்கிறது. கரண்ட் 210-க்கும் 250-க்கும் ஆடினால் 0.28 வோல்ட் ஆடும். அதனால் 820 ஓமை எடுத்துவிட்டு ஒரு பிஎன்பி ட்ரான்சிஸ்டர், ஒரு சிவப்பு எல்இடி, இரண்டு ரெசிஸ்டர் போட்டு 5 மில்லிஆம்பியர் நிலையாக வரும்படி செய்துவிட்டேன். மின்சாரம் ஆடாவிட்டால் ஓம் எத்தனை இருந்தால் என்ன?

TL431 ஐசி போட்டால் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். புதிதாகப் போர்டு அடிப்பதென்றால் நானும் அதைத்தான் போடுவேன். அது முறிவை நம்பியதே அல்ல, உள்ளே 2.495 வோல்ட் பேண்ட்கேப் ஆதாரம், சூட்டில் அசையாது. வெளியீட்டிலிருந்தே அளந்து கட்டுப்படுத்தினால் ட்ரான்சிஸ்டர் சந்திப்புகளும் கணக்கை விட்டுப் போய்விடும். பழைய போர்டில் அதற்குத் தடம் வெட்டி மாற்ற வேண்டும், சீனர் சரத்துக்கு இரண்டு ஓட்டை போதும். அதனால்தான் சரம்.

உங்கள் கையில் இருப்பது எந்த ஜாதி என்று பார்ப்பது சுலபம். சீனர் மின்னழுத்தத்தைவிடச் சில வோல்ட் கூடுதலான சப்ளை, 1 கிலோஓம் ரெசிஸ்டர், சீனர், மீட்டர். சூடான சால்டரிங் அயர்னை டயோடின் காலில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். வாசிப்பு ஏறினால் சரிவு, இறங்கினால் சீனர். நடு எல்லைக்காரர் அசையவே மாட்டார். சூடு காட்டாமலேயே, சப்ளை போட்டதும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு வாசிப்பு மெல்ல மேலே ஊர்ந்தால் டயோடு தன் சூட்டிலேயே நகர்கிறது என்று அர்த்தம். 16 வோல்ட் சிறிய கண்ணாடி சீனரில் 10 மில்லிஆம்பியர் விட்டால் 160 மில்லிவாட், அந்த உடம்புக்கு அது 60 டிகிரி ஏற்றம், முக்கால் வோல்ட் அங்கேயே போயிற்று. நான் ரிச்சி ஸ்ட்ரீட் சீட்டைப் பொறுக்கியபோது போட்டவுடன் தெரிந்த எண்ணைத்தான் எழுதிக்கொண்டேன், அது வேறு ஒரு தப்பு.

இதுவரை சொன்னது வெயிலில் அசையாமல் நிற்கும் சார்ஜர். பேட்டரி கேட்ட −20 இன்னும் பாக்கி. அந்தப் படகுக்காரருக்கு மட்டும் சரத்தை மாற்றிக் கட்டினேன். 6.2 ஒன்று, 1N4148 பதினான்கு, கூட்டினால் 15.4 சொச்சம், பேட்டரிக்கு 13.6. பதினான்கில் நான்கு பெட்டிக்குள். அவற்றின் −8, சீனரின் +2.3-ஐயும் சந்திப்புகளின் +6-ஐயும் பெட்டிக்குள்ளேயே அடித்துவிடும். மிச்சம் பத்தையும் ஸ்லீவுக்குள் இழுத்து, உப்புக்காற்று படாமல் எபாக்சி ஊற்றி, இரண்டு ஒயர் வழியாகப் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டினேன். பத்து டயோடு, டிகிரிக்கு −20, பேட்டரியின் சொந்தச் சூட்டுக்கு. இதில் நிலையான மின்சார மூலம் கட்டாயம், பதினான்கு டயோடின் ஓமும் சேர்ந்து 130-ஐத் தாண்டுகிறது.

ஒரு பயம் இருந்தது. படகில் இறக்கி ஏற்றும்போது அந்த ஒயர் அறுந்தால் சரம் திறந்துகொள்ளும், பேஸ் நேராக 20 வோல்ட்டுக்குத் தாவும், பேட்டரி கொதிக்கும். கழற்றிப் போட்ட பழைய 16 வோல்ட் சீனர்களில் 16.1 காட்டிய ஒன்றை எடுத்துச் சரத்துக்கு இணையாகப் போட்டேன். அதன் முழங்கால் கூர்மை என்பதால் 15.4-ல் அது இருப்பதே தெரியாது, மெத்தை ஜாதியாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கும். பட்டறையிலேயே ஒயரை வெட்டிப் பார்த்தேன். மீட்டர் 14.2-க்கு ஏறி நின்றது.